ஐம்பது விநாடியில் ஒரு அறிமுகம்

வேலை தேடுகிற பலர் ஒரு சின்ன வீடியோவில் தங்களை அறிமுகம் செய்து, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆனால் அதில் பயோடேட்டாவையே வாசித்துவிடுகிறார்கள். அப்பா பெயர், படித்த பள்ளி, மதிப்பெண் என்று சொல்லி முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடுகிறது.

இந்த வீடியோவைக் கடைசியில் யார் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் அனுப்புகிறவர் பெரும்பாலும் நேரடியாக வேலை தரப் போவதில்லை. தனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பிவைப்பார். அந்த மூன்றாம் மனிதருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் என்ன வேலை செய்வீர்கள் என்பது அவருக்கு முதல் பத்து விநாடியில் புரிந்தாக வேண்டும்.

திருப்பூரில் கணக்கு வேலை பார்த்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லிவிட்டு, அவர் இப்படித் தொடரலாம்:

"நான் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். பி.காம் முடித்து, ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் டேலியில் கணக்கு எழுதினேன். மாதாமாதம் ஜிஎஸ்டி வேலை என் பொறுப்பு. நாங்கள் வாங்கிய சரக்குக்கான பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடுவேன். அதில் வராத பில் இருந்தால், விற்றவரைக் கூப்பிட்டுப் பேசி, ஏற்ற வைப்பேன். இப்போது கோவையிலோ திருப்பூரிலோ ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஆடிட்டர் இருந்தால், இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள். நன்றி."

நிதானமாகப் பேசினாலும் இது ஒரு நிமிடத்தைத் தாண்டாது. இதில் 'கடின உழைப்பாளி', 'எதையும் சீக்கிரம் கற்பேன்' என்ற சொற்கள் இல்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறார். அந்த அறிக்கையில் பில் வராவிட்டால், கம்பெனிக்குச் சேர வேண்டிய வரி வரவை எடுக்க முடியாது. ஆடிட்டருக்கு இது தெரியும். ஆகவே ஒப்பிடுவேன், ஏற்ற வைப்பேன் என்ற வினைச்சொற்களிலேயே அவருக்கு நம்பிக்கை வந்துவிடும். பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயரையும் தொகையையும் மட்டும் வெளியில் சொல்லாதீர்கள்.

கடைசியில் கேட்கிற உதவியைக் கவனியுங்கள். "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்றால் கேட்பவர் தயங்குவார். வீடியோவை அனுப்பச் சொன்னால் உடனே செய்வார்.

பதிவு செய்யும்போது ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். போனைக் கண் உயரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தாளைப் பார்த்து வாசித்தால் கண் அலைவது அப்படியே தெரியும். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் இருப்பது நீங்கள் தினமும் செய்த வேலை, தானாக வரும்.

அனுப்புவதற்கு முன், உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். "நான் என்ன வேலை செய்கிறேன், என்ன உதவி கேட்கிறேன்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் அவர் தடுமாறாமல் பதில் சொன்னால் அனுப்பலாம். எதில் தடுமாறுகிறாரோ, அந்த வரியை மாற்றி மறுபடி பதிவு செய்யுங்கள்.