ஏப்பத்தோடு போகும் அமிலம்

இரைப்பைச் சுரப்பிகள் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும்போது நெஞ்செரிச்சல் உண்டாகிறது. அப்போது மென்று விழுங்கப்படும் அமிலமுறி மாத்திரைகள், அதாவது அமிலத்தின் வீரியத்தைப் போக்கும் மாத்திரைகள், பலவற்றில் இருப்பது கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டிலும் உள்ள அதே பொருள்தான். இது அமிலத்தோடு வினைபுரிந்து கால்சியம் குளோரைடு என்னும் உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. மாத்திரை போட்டபின் வரும் ஏப்பத்தில் அந்த வாயுவும் வெளியேறுகிறது. 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ 365 மில்லிகிராம் அமிலத்தை முறிக்கும். அதோடு அதன் வேலை தீர்ந்தது, ஏனெனில் சுரந்துவிட்ட அமிலத்தை அது முறிக்குமேயன்றிச் சுரப்பை நிறுத்துவதில்லை.

வெறும் வயிற்றில் போட்டால், இரைப்பை அதைச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடுவதால், ஒரு மணி நேரத்துக்குள் பலன் குறைந்துவிடுகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டாலோ, உணவோடு தங்கி 3 மணி நேரம் வரைகூட அது நிற்கிறது. தவிர, அமிலம் குறைந்ததை உணரும் இரைப்பை, கால்சியத்தின் தூண்டுதலும் சேர்ந்துகொள்ள, காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை வெளியிட்டுச் சுரப்பை முடுக்கிவிடுவதால், அடங்கிய எரிச்சல் மீண்டும் தலைதூக்கக்கூடும். இரண்டு வாரம் கடந்தும் தினமும் மாத்திரை தேவைப்பட்டால், மருத்துவர் பார்க்க வேண்டியது எரிச்சலின் காரணத்தை.