விடுதலையைப் பாடியவன் உழவன்
(சுதந்திர நாளை ஒட்டிப் பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சற்றுமுன் உங்கள் தோழியர் ஐவர் மகாகவி பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு' என்னும் பாடலை இனிமையாகப் பாடினார்கள். நீங்களும் தாளத்திற்கேற்பக் கைதட்டினீர்கள். அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்பதைச் சிறிது நேரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளுமாறு தலைமையாசிரியர் பணித்திருக்கிறார். "நாடு விடுதலை பெற்றது, ஆகவே மகிழ்ந்து ஆடுகிறோம்; இதில் விளக்க என்ன இருக்கிறது?" என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். அந்த மகிழ்ச்சி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டின் பொருள் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தலைப்பிலுள்ள 'பள்ளு' என்ற சொல்லை முதலில் பார்ப்போம். அது தமிழில் உள்ள சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. வயலில் இறங்கி உழுது, நாற்று நட்டு, அறுவடை செய்யும் உழவுத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பாடுவது. இவ்வகையில் புகழ்பெற்றது 'முக்கூடற்பள்ளு'. தாமிரபரணியும் சிற்றாறும் கூடுமிடத்திற்கு அருகில், திருநெல்வேலிச் சீமையில் நிகழும் கதை அது. பாரதியார் பிறந்த எட்டயபுரமும் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை.

முக்கூடற்பள்ளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணையில் வேலை செய்யும் பள்ளனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள். பண்ணை வேலையைக் கவனிக்காமல் இளையவள் வீட்டிலேயே அவன் தங்கிவிடுகிறான் என்று மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டிவிடுகிறான். தொழு என்பது கால்களை நுழைத்துப் பூட்டிவைக்கும் மரம். அதில் மாட்டப்பட்டவன் எழவும் முடியாது, நடக்கவும் முடியாது. பிறகு மூத்தவளே மனம் இரங்கி, அவனை விடுவிக்குமாறு வேண்டுகிறாள். விடுபட்டவன் மீண்டும் அதே வயலுக்குத்தான் செல்கிறான். உழுகிறான், விதைக்கிறான், விளைவிக்கிறான்.

இந்தக் கதையை நகைச்சுவையோடும் இசையோடும் பழைய புலவர் பாடியிருக்கிறார். மழைக்குறிகள், நெல்வகைகள், மாட்டுவகைகள் என்று அதில் நாம் கற்க வேண்டியவை ஏராளம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உலகில் நிலம் பள்ளனுடையதன்று. அவனை விசாரிக்கவும் தண்டிக்கவும் பண்ணைக்காரனுக்கு அதிகாரம் உண்டு. பள்ளன் கைகட்டி விடை சொல்ல வேண்டியவன்.

இப்போது பாரதியாரிடம் வருவோம். நாட்டின் விடுதலையைப் பாட அவர் எத்தனையோ வடிவங்களைத் தேர்ந்திருக்கலாம். அரசர்க்கு உரிய பரணி உண்டு, உலா உண்டு. போர்வீரன் வாயில் ஒரு வெற்றிப் பாட்டை வைத்திருக்கலாம். ஒரு தலைவன் வாயிலும் வைத்திருக்கலாம். அவர் அவற்றை விடுத்துப் பள்ளினை எடுத்தார். 'பள்ளர் களியாட்டம்' என்ற குறிப்பையும் பாட்டிற்குத் தந்தார். தொழுமரத்தில் பூட்டப்பட்டிருந்த அதே கால்கள் இப்பாட்டில் ஆடுகின்றன. பண்ணைக்காரன் முன்னால் கைகட்டி நின்றவன் வாய்திறந்து நாடு முழுவதற்குமாகப் பேசுகிறான். பண்ணைக்காரனோ பாட்டில் இடமே பெறவில்லை. விடுதலை என்றால் என்ன என்பதற்குப் பாரதியார் தரும் முதல் விடை இதுவே: வரிசையின் கடைசியில் நிற்பவன் களித்து ஆடும் நாளே நாட்டின் விடுதலை நாள்.

அடுத்து, பாட்டின் உள்ளே செல்வோம். பல்லவியை அடுத்து ஐந்து சரணங்கள் உள்ளன. விடுதலைப் பாட்டாயிற்றே, வெள்ளையரைப் பற்றி எத்தனை இடங்களில் பேசுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஓர் இடந்தான். அதுவும் முதலில் வருவதில்லை. பிறந்த குலத்தை வைத்து ஒரு கூட்டத்தாரை உயர்த்தி அழைத்த காலம் போயிற்று என்பதே முதற்சரணத்தின் முதற்செய்தி. வெள்ளையரைத் துரை என்று அழைத்த காலம் போயிற்று என்பது அதன் பிறகுதான் வருகிறது. பாரதியார் தாம் பிறந்த குலத்திற்குக் கிடைத்துவந்த மரியாதையை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பின்னரே அயலான் பெற்ற மரியாதையில் கை வைக்கிறார். மேடையில் பாடுவோர் சிலர் இச்சரணத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்வதுண்டு. அப்படிச் சென்றால் பாட்டு இனிமையாகவே இருக்கும். ஆனால் அதன் முள் எடுபட்டுப் போகும். அயலான் வெளியேறுவது பாதி விடுதலை. நமக்குள்ளே ஒருவர் மற்றவரைத் தாழ்த்துவது ஒழிவது மறுபாதி.

நான்காவது சரணம் உழவையும் தொழிலையும் வணங்குகிறது. உழைக்காமல் உண்டு களித்திருப்போரைப் பழிக்கிறது. அங்கே 'விழல்' என்ற சொல் வருகிறதே, அது என்ன தெரியுமா? நீர் நிற்கும் இடங்களில் வளரும் ஒருவகைக் கோரைப்புல். அதற்கு நீர் பாய்ச்சினால் நெல் விளையாது. உழவன் பாடுகிற பாட்டாகையால் உவமையும் வயலிலிருந்தே வருகிறது. உழைப்பின் பயன் உழைத்தவனுக்குச் சேராமல் வீணரிடம் போவதென்றால், அது புல்லுக்கு இறைத்த நீர்தான் என்கிறான் அவன். இது வெள்ளையருக்கு மட்டும் சொன்னதன்று. பழைய பள்ளின் பண்ணைக்காரனுக்கும் சேர்த்துச் சொன்ன விடை.

உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஓர் இலக்கணச் செய்தி. பாரதியார் 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது 1947இல். அப்படியானால், விடுதலையைப் பெற்றுவிட்டதாக இறந்த காலத்தில் அவர் எப்படிப் பாடினார்? நீங்கள் படித்த கால வழுவமைதியை நினைவுகூருங்கள். உண்டுகொண்டிருக்கும் ஒருவனை வாயிலில் நிற்கும் நண்பன் அழைக்கிறான். உள்ளே இருப்பவன் எழுந்திருக்கும் முன்பே, "வந்துவிட்டேன்" என்கிறான். இது விரைவு பற்றி வந்தது. விரைவு, மிகுதி, தெளிவு ஆகியவற்றால் காலம் மாறி வரலாம் என்று இலக்கணம் இடந்தருகிறது. பாரதியார் பாட்டில் இருப்பது தெளிவு. நடக்கப்போவது உறுதி என்று அறிந்தவன், நடந்ததாகவே சொல்லலாம்.

இந்தத் தெளிவு வீண்போகவில்லை. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே, 'நாம் இருவர்' என்ற திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாள் இப்பாட்டைப் பாடினார். குமாரி கமலா ஆடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் விடுதலை வந்த வேளையில் வானொலியிலும் பட்டம்மாளின் குரலில் அது ஒலித்தது. ஆனால் இறந்த காலத்தில் சொன்ன எல்லாமே அந்த ஒரே இரவில் நடந்துவிட்டனவா என்றால், இல்லை. தீண்டாமையை ஒழித்த நம் அரசியலமைப்பு 1950 ஜனவரி 26இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1952இல் பிறந்தது. கொடி ஏறிய பின்னும், பள்ளுப் பாடிய உழவனுக்குச் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்த பிறகும் பழக்கம் மாற எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை உங்கள் ஊரின் தேநீர்க்கடைகளிலும் தெருக்களிலும் நீங்களே பார்த்து அறியலாம். ஆகவே இப்பாட்டின் இறந்த காலத்தில் சில வினைகள் முற்றுப்பெற்றுவிட்டன. சில வினைகள் இன்னும் நம் கையில் எஞ்சி நிற்கின்றன.

இறுதிச் சரணத்தில் ஒரு சிறு சொல்லைக் காட்டி முடிக்கிறேன். அது 'நாம்'. தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் அடங்கமாட்டார். 'நாம்' என்றால் கேட்பவரும் அடங்குவார். "நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்" என்று உங்கள் அண்ணன் சொன்னால் நீங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். "நாம் போகிறோம்" என்றால் உடனே செருப்பை மாட்டிக்கொள்ளலாம். நாடு யாருடையது என்று சொல்லும்போது அந்த உழவன் 'நாங்கள்' என்று சொல்லவில்லை. காலங்காலமாகத் தன்னை வெளியே நிறுத்தியவர்களையும் உள்ளே அழைத்து 'நாம்' என்கிறான். வெளியே நிறுத்தப்பட்டவன் பழி தீர்க்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறான். இனி மண்ணில் எவருக்கும் அடிமையாவதில்லை, இறைவன் ஒருவனுக்கே பணி செய்வோம் என்றும் சொல்கிறான். தொழுமரத்திலிருந்து எழுந்து வந்தவன் சொல்வதனால் அந்தச் சொல்லுக்கு அத்தனை எடை.

மாணவச் செல்வங்களே, இப்பாட்டின் முதற்சரணம், யாரை எப்படி அழைப்பது என்பதைப் பற்றியது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வருமுன் இந்தத் திடலைப் பெருக்கி வைத்த அம்மையாரை எப்படி அழைக்கிறீர்கள்? கழிப்பறையைத் தூய்மை செய்ய வரும் பெரியவரை 'வாங்க' என்கிறீர்களா, 'வா' என்கிறீர்களா? அவர்கள் பெயர் உங்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? விடை எனக்குச் சொல்ல வேண்டாம். இன்று மாலை மணியடித்து வீடு திரும்பும்போது அவர்கள் எதிரே வருவார்கள், அப்போது சொல்லுங்கள்.