சிட்டிசன்ஷிப் வாங்கின ஃப்ரெண்டுக்கு ஃபிளைட் டிக்கெட் கொடுக்கலாமா?

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆட்களுக்குக் கிரீன் கார்டு வரவே பல வருஷம் ஆகும். அதுக்கு மேல பொதுவா 5 வருஷம் கழிச்சுத்தான் சிட்டிசன்ஷிப். அப்படிக் காத்திருந்த ஃப்ரெண்டு ஒருநாள் உறுதிமொழி எடுத்துட்டார்னா, கேங்கா சேர்ந்து சென்னைக்கு டிக்கெட் போட்டு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

உறுதிமொழி எடுக்கிற அன்னைக்கே கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிடுவாங்க. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினதும் இந்தியக் குடியுரிமை போயிடும். இந்திய பாஸ்போர்ட்ல இன்னும் 5 வருஷம் பாக்கி இருந்தாலும் அதை வச்சுப் பயணம் பண்ணக்கூடாது. அன்னைக்கு அவர் கையில இருக்கிறது ஒரே ஒரு காகிதம், நேச்சுரலைசேஷன் சான்றிதழ். அதை வச்சு விமானம் ஏறி ஊருக்கு வர முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். மார்ச் 3 உறுதிமொழி, ஏப்ரல் 10 ஊர்ல தங்கச்சி கல்யாணம். மார்ச் 6 பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார். அவசரக் கட்டணம் கட்டினாலும் 2 முதல் 3 வாரம், தபால் நேரம் தனி. மார்ச் கடைசியாயிடும். அப்புறம் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு அதுக்கான சான்றிதழ் வாங்கணும். அது இருந்தாத்தான் ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஏப்ரல் 10 கைவிட்டுப் போயிடலாம், டிக்கெட் காசும் கூடவே போகலாம்.

அப்போ என்ன கொடுக்கலாம்? அந்தப் பாஸ்போர்ட் செலவை நீங்க ஏத்துக்கோங்க. விண்ணப்பம் 130 டாலர், நேர்ல வாங்கிக்கிற அலுவலகத்துக்கு 35, அவசரத்துக்கு 60. மொத்தம் 225. நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 57 டாலர்கூட வராது. டிக்கெட் பணத்தை ஒரு கவர்ல போட்டு, "ஓசிஐ வந்ததும் தேதி சொல்லு"ன்னு எழுதிக் கொடுங்க.

இன்னொண்ணு, சான்றிதழை லேமினேட் பண்ணியோ ஃபிரேம் போட்டோ கொடுக்கிற ஆசை. ரெண்டும் வேண்டாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோட அசலையே அனுப்பணும். அது பிறகு தனித் தபால்ல திரும்பி வரும். லேமினேட் பண்ணினா காகிதத்துல இருக்கிற பாதுகாப்பு அடையாளங்களைச் சோதிக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் வாங்க 500 டாலருக்கு மேல ஆகும். அதனால அமிலமில்லாத ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுங்க. சில டாலர்தான், ஆனா அந்தக் காகிதம் உள்ள போய் வெளிய வர முடியும்.

உங்க கேங்ல யாராவது டிக்கெட் தேடிக்கிட்டு இருந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.