சிக்னல் இல்லாத மலைப் பாதையில் வரைபடமும் பஸ் நேரமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மலைமேல் இருக்கும் குழுக்களைப் பார்க்க நாம் மாதாமாதம் போகிறோம். பொள்ளாச்சியில் பஸ் ஏறி வால்பாறை, அங்கே இன்னொரு பஸ் பிடித்து முடீஸ் பக்கம். ஆழியாறு தாண்டி மேலே ஏற ஆரம்பித்ததும் செல்போனில் நெட் வரும், போகும். வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. புதுசாகப் போகிறவர்களுக்கு எங்கே இருக்கிறோம், எங்கே இறங்குவது என்றே தெரியாது. அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் வரைபடம். நெட் நன்றாக இருக்கும்போதே, முந்தின நாள் வீட்டிலேயே இதைச் செய்துவிட வேண்டும். கூகுள் மேப்பைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தொட்டால் "Offline maps" என்று வரும். அதில் "Select your own map" என்பதைத் தொடுங்கள். ஒரு கட்டம் தெரியும். பொள்ளாச்சியும் வால்பாறையும் அதைத் தாண்டி முடீஸும் அந்தக் கட்டத்துக்குள் வருகிற மாதிரி விரலால் நகர்த்திவிட்டு "Download" கொடுங்கள். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அங்கேயே காட்டும். கட்டத்துக்கு வெளியே விட்ட ஊர் மலையில் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் தாராளமாகவே எடுங்கள்.

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "சிக்னலே இல்லைன்னா அந்த நீலப் புள்ளி எப்படிம்மா நகரும்?" நல்ல கேள்வி. நாம் இருக்கும் இடத்தைப் போன் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிடமிருந்து தெரிந்துகொள்கிறது. அதற்கு நெட் தேவையில்லை. ஆனால் நெட் இல்லாமல் முதல் தடவை தேடும்போது சில நிமிடம் பிடிக்கும். அதனால் பொள்ளாச்சி பஸ் நிலையத்திலேயே மேப்பைத் திறந்து புள்ளி வந்துவிட்டதா என்று பாருங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி சாம்பல் நிறமாக மாறினால் அது பழைய இடம், நம்பாதீர்கள். சுரங்கப் பாதையில் ரயில் போகும்போது வானமே தெரியாது, அங்கே புள்ளி நின்றுவிடும். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும்.

சந்தேகம் வந்தால் ரோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். லோம்ஸ் வியூ என்கிற இடம் 9-வது வளைவு. அதையும் மேப்பையும் ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. சிக்னலைத் தேடித் தேடியே போனில் சார்ஜ் இறங்கிவிடும். மலை ஏறும்போது ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டால் சார்ஜ் நிற்கும், புள்ளியும் நகரும். அந்த நேரம் யாரும் நம்மைக் கூப்பிட முடியாது என்பதை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இறக்கி வைத்த மேப் கார் போகிற வழியையும் காருக்கு ஆகும் நேரத்தையும் மட்டும்தான் காட்டும். நெட் இல்லாமல் பஸ் எத்தனை மணிக்கு என்று அது சொல்லாது. வளைவில் நின்று நின்று ஏறுகிற பஸ்ஸுக்கு அதைவிடக் கூடவே ஆகும். அதனால் பஸ் நேரத்தை நாமே தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்பாறையில் இறங்கியதும் கால அட்டவணைப் பலகையைப் போனில் படம் எடுங்கள். எஸ்டேட் பஸ் பலகையில் இல்லாவிட்டால் நேரக் காப்பாளரிடமோ கண்டக்டரிடமோ கேட்டு எழுதுங்கள், எழுதிய தேதியையும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய அட்டவணை என்றால் அங்கேயே ஒருமுறை திறந்து பாருங்கள். மங்கலாக, அம்புக்குறியோடு இருந்தால் அது இன்னும் போனுக்குள் இறங்கவில்லை. மேலே போய்த் தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வரும் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வால்பாறையில் மாலை 5 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முடீஸிலிருந்து வால்பாறை வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 4 மணி பஸ் போதும் என்று தோன்றும். அது அரை மணி தாமதமானால் 5 மணி பஸ் போய்விடும். ஆகவே 3 மணிக்கு ஒரு பஸ் இருந்தால் அதுதான் நம் பஸ். குழுக் கூட்டத்தை இரண்டரைக்கே முடித்துவிட வேண்டும். யானை நடமாடும் ஊர் அது, இருட்டில் எஸ்டேட் ரோட்டில் நின்று பஸ் தேடக்கூடாது.

எஸ்டேட் நிறுத்தங்கள் பல மேப்பில் இருக்காது. முதல் தடவை போகிறவர், இறங்கிய இடத்தில் நெட் இருந்தால் அந்த இடத்தை மேப்பில் அழுத்திப் பிடித்துச் "Save" கொடுத்து வரட்டும். நெட் இல்லையென்றால் பக்கத்துக் கடை, கோயில், மருந்தகம் எது என்று நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டு அடுத்த மாதம் போகிறவர் கைக்குப் போக வேண்டும்.