தேன்குழல் யாருடைய வேலை?

தீபாவளி நெருங்கும்போது வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேச்சு வரும். பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். ஆகவே இன்று ஒரே ஒரு பலகாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது தேன்குழல்.

"எங்கள் வீட்டில் முறுக்கு பிழிவது நான்தான்" என்று பல ஆண்கள் சொல்வதுண்டு. உண்மைதான், நாழியை அழுத்தக் கையில் வலு வேண்டும். ஆனால் அவர் உட்காரும்போது மாவு பிசைந்து தயாராக இருக்கிறது, எண்ணெய் காய்ந்திருக்கிறது. அவர் எழுந்த பிறகும் வாணலி அடுப்பில்தான் இருக்கிறது. அந்த முன்னும் பின்னும் யாருடையவை?

முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். தீபாவளி வாரத்தில் அங்கே வரிசை நிற்கும் என்பதால் நாளையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரைத்து, சலிக்க வேண்டும். பிறகு வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு.

பின்னால் நடப்பது இன்னும் கண்ணில் படாது. எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து வடிகட்ட வேண்டும். நாழியின் துளைகளில் மாவு காய்வதற்குள் தண்ணீரில் போட வேண்டும். தரையில் சிந்திய எண்ணெய் மேல் கொஞ்சம் மாவைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வழுக்கி விழுவார்கள். அடுப்புக்குப் பின்புறச் சுவரில் பிசுக்கு. தேன்குழலை நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைப்பது, சூட்டோடு மூடினால் நமத்துப்போகும். பிழிவதும் பொரிப்பதும் ஒரு பிற்பகலில் முடியும். மற்றவை இரண்டு மூன்று நாட்களில் சிதறிக்கிடக்கின்றன, அதனால்தான் யாரும் அவற்றை வேலையாக எண்ணுவதில்லை.

சாதாரண நாட்களிலேயே நிலைமை இதுதான். 2019இல் நம் நாட்டில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பண்டிகை இந்தச் சுமையின் மேல்தான் வந்து ஏறுகிறது.

என்னைக் கேட்டால், வேலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதுதான் தவறு. "சொல்லு, செய்கிறேன்" என்கிறவருக்கு ஒவ்வொன்றையும் நினைத்து, நேரம் பார்த்துச் சொல்வது இன்னொருவர் தலையில் விழுகிறது. ஒரு பலகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ள மாமியார், அலுவலகம் போகும் மருமகள், அவருடைய கணவர், கல்லூரியில் படிக்கும் மகனும் மகளும். வழக்கமாக மாமியார் அடுப்படியில் நிற்பார், மருமகள் இரவில் பாத்திரம் தேய்ப்பார், மகள் அம்மாவுக்கு எடுபிடி. பெண்களுக்குள்ளேயே பங்கு சரியாக இல்லை. இனி தேன்குழல் முழுவதும் கணவருக்கு: அரிசி வாங்குவதிலிருந்து டப்பா மூடுவதுவரை. பாகுப்பதம் அறிந்த மருமகளுக்கு அதிரசம். ஒட்டடையும் மின்விசிறியும் அலமாரியும் மகனுக்கு, பரீட்சை முடிந்த மறுநாளே. மகளுக்கு ரவா லாடு, எடுபிடி வேலை இல்லை. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பதம் சொல்வார். அவரவர் வாணலியை அவரவர் கழுவுவது இதில் அடக்கம்.

முதல் வருடம் தேன்குழல் சரியாக வராமல் போகலாம். பிழியும்போது துண்டு துண்டாக உடைந்தால் மாவில் தண்ணீர் போதவில்லை. எண்ணெயில் கரைந்து பிரிந்தால் வெண்ணெய் அதிகம். ஒரு துளி மாவைப் போட்டதும் உடனே மேலே எழும்பினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, பொரியும் ஓசை அடங்கினால் எடுக்கலாம். எல்லா மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைய வேண்டும். இவ்வளவும் கற்கக்கூடியவை. "எனக்கு வராது" என்று கணவர் எழுந்துகொள்ளக் கூடாது. "தள்ளுங்கள், நானே செய்கிறேன்" என்று மருமகளும் வந்து உட்காரக் கூடாது. உடைந்ததை வீட்டில் சாப்பிடலாம், நல்லதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

இதில் ஒரு எல்லையும் உண்டு. கொதிக்கும் எண்ணெய் அருகே சிறு பிள்ளைகளுக்கு வேலை வேண்டாம். அவர்கள் லாடுக்கு முந்திரி உடைக்கலாம், டப்பாக்களைத் துடைத்து வைக்கலாம்.

இந்த வாரம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஓர் இரவு, என்ன பலகாரம், யார் என்று பேசி முடித்துவிடுங்கள். தேன்குழலை ஏற்றுக்கொண்டவர் மில்லுக்குப் போகும் நாளையும் அப்போதே சொல்லிவிடட்டும்.