ஒன்றரை வயதில் கலைந்த தூக்கம்

(எங்கள் குழந்தைகள் பிரிவின் சார்பில் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் 18 மாதப் பையனுடன் எங்களிடம் வந்தார். இரவு முழுவதும் நன்றாகத் தூங்கிவந்த பிள்ளை, மூன்று வாரமாக நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து வீட்டையே எழுப்புகிறான். தாய்க்குக் கண்கள் சிவந்திருந்தன. கூட வந்த மாமியார், "தூங்குகிறதுக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. சளிக்குக் கொடுக்கும் மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது இந்த வயதில் ஆபத்து.

முதலில் வாயைப் பார்த்தோம். ஏறக்குறைய 13 முதல் 19 மாதத்துக்குள் முதல் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். முன்பற்களைப்போலக் கூர்மையாக இல்லாமல் அகலமாக இருப்பதால் ஈறு வீங்கி வலிக்கலாம். அவனுக்குக் கீழ்வரிசையில் ஒரு பக்கம் ஈறு சிவந்து தடித்திருந்தது. ஆனால் பல் முளைக்கும் தொல்லை சில நாட்களில் அடங்கிவிடும். மூன்று வார அழுகைக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எனவே, இரவில் என்ன நடக்கிறது என்று கேட்டோம். முதல் நாள் தகப்பனார் தூக்கிக்கொண்டு வாசலில் லாரி காட்டினார். அடுத்த நாள் பாட்டி பால்புட்டி கொடுத்தார். மூன்றாம் நாள் தாய் அதட்டினார். நான்காம் நாள் டி.வி. போட்டார்கள். வெளியே தூக்கிப் போனவுடன் அழுகை நின்று சிரிப்பானாம். வலியால் அழுகிற பிள்ளை பெரும்பாலும் அப்படிச் சிரிக்காது. பகலிலும் சிணுங்கும், கெட்டியான உணவை ஒதுக்கும், விரலை வாயில் திணிக்கும்.

இந்த வயதில் பிள்ளை நடக்கிறது, "வேண்டாம்" என்கிறது, தன் விருப்பத்தால் என்ன நடக்கும் என்று சோதித்துப் பார்க்கிறது. தாய் கண்ணுக்கு மறைந்தால் பயமும் உண்டு. ஆகவே அது கெட்ட பிள்ளை அல்ல. பல்வலி அவனை எழுப்பிவிட்டது. ஒரு மணிக்கு எழுந்தால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதை வீட்டார் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சில நாள் மறுத்து, சில நாள் கொடுத்தால், பிள்ளை இன்னும் அதிகமாக அழுது பார்க்கும்.

நாங்கள் சொன்னது இவ்வளவுதான். வலி இருக்கும் நாட்களில் படுக்குமுன் சுத்தமான விரலால் ஈறைத் தேய்த்துவிடுங்கள். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். தேவைப்பட்டால் எடைக்குத் தக்க அளவில் மருத்துவர் சொன்ன பாரசிட்டமால் மட்டும் போதும். ஈறில் தடவும் மரப்பு மருந்து வேண்டாம். பகல் தூக்கம் மூன்று மணிக்குள் முடியட்டும். படுக்கும்போது அவனே தீர்மானிக்க இரண்டு காரியங்களைக் கொடுங்கள்: எந்தப் போர்வை, விளக்கை யார் அணைப்பது. படுக்கும் நேரத்தை மட்டும் அவனிடம் கேட்காதீர்கள்.

இரவில் எழுந்தால், விளக்கு போடாமல், பாயிலிருந்து தூக்காமல், முதுகில் கை வைத்து ஒரே வார்த்தை: "ராத்திரி ஆச்சு, எல்லாரும் தூங்குறோம், அம்மா பக்கத்துல இருக்கேன்." பால்புட்டி கூடாது, தூக்கத்தில் வாயில் தங்கும் பால் புதுப் பல்லையே சொத்தையாக்கும். யார் எழுந்தாலும் இதையே செய்ய வேண்டும்.

இரண்டாம் இரவு முதல் இரவைவிட அதிகம் அழுவான் என்று முன்பே எச்சரித்தோம். அப்படியே ஆயிற்று: முதல் இரவு 40 நிமிடம், இரண்டாம் இரவு ஒரு மணி நேரம். பாட்டி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாராம். "அன்னைக்கு நான் புட்டியை எடுத்திருந்தா எல்லாம் வீணாப்போயிருக்கும்" என்று பின்னர் அவரே சொன்னார். நான்காம் இரவு கால் மணி நேரம். ஒரு வாரத்தில் புரண்டு படுத்துத் தானே தூங்கினான்.

மாதம் கழித்து மறுபக்கப் பல் முளைத்தபோது மறுபடி எழுந்தான். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். முதுகில் கை வைத்தார்கள். வாசலுக்குத் தூக்கிப் போகவில்லை. மூன்று இரவில் சரியாயிற்று.

ஒன்றை மறவாதீர்கள். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காதைப் பிடித்துக்கொண்டு அழுதல், தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்தால், "பல் முளைக்கிறது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.