பூஜ்ஜியம் முதல் மூணு: கோடு போட்டிருந்தா வேண்டாம்னு அர்த்தம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர்னு தூரத்தில் இருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தவங்களும் இருக்கீங்க. அதனால சுருக்கமாகவே பேசிடறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கடன், வட்டி, தணிக்கை பத்தி எல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் பேசப்போறது ஒரு சின்னப் படத்தைப் பத்தி. என் போனில் எடுத்த போட்டோவைப் பெருசாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். எல்லாரும் கை மாத்திப் பாருங்க. ஒரு பொம்மை கார் கவரோட பின்பக்கம் அது. ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம். அதுக்குள்ள குழந்தை முகம். முகத்துக்குப் பக்கத்தில் 0-3 னு எழுதியிருக்கு. மேல இருந்து கீழ சாய்வா ஒரு சிவப்புக் கோடு.

இதுக்கு என்ன அர்த்தம்? கை தூக்குங்க பார்ப்போம். பிறந்த குழந்தையில் இருந்து மூணு வயசு வரைக்கும் விளையாடலாம்னு பாதிப் பேர் சொல்றீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்பால என் பொண்ணை இழந்திருப்பேன்.

பழனியில் பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தோம். அடிவாரத்தில் பெரியவனுக்கு ஒரு கார் செட் வாங்கினோம். அவனுக்கு அப்போ அஞ்சு வயசு. சின்னவளுக்குப் பதினாலு மாசம். கவரைத் திருப்பிப் பார்த்தேன், 0-3 னு இருந்துச்சு. சரி, ரெண்டு பேருக்கும் ஆகும்னு சந்தோஷமா வாங்கிட்டேன். சிவப்பு மை வெளுத்துப் போய், அந்தக் கோடு கண்ணுக்கே சரியாத் தெரியலை. மூணாம் நாள் நான் அடுப்படியில் இருந்தேன். திண்ணையில் பெரியவன் காரை இடிச்சு இடிச்சு விளையாடினான். ஒரு சக்கரம் கழண்டு உருண்டிருக்கு. அதை அவ எடுத்து வாயில் போட்டுக்கிட்டா.

அழுகைச் சத்தமே இல்லை. இருமலும் இல்லை. என் மாமியார்தான் பார்த்தாங்க. பிள்ளை வாயைத் திறந்திருக்கா, மூஞ்சி நீலமாப் போகுது. மடியில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அடிச்சாங்க. மூணாவது அடியோ நாலாவது அடியோ, சக்கரம் தெறிச்சு விழுந்துச்சு. எங்க ஊர்ல இருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு மலை ரோட்டில் முக்கால் மணி நேரம். மூச்சு நின்னா நாலஞ்சு நிமிஷத்திலேயே மூளைக்குச் சேதம் ஆரம்பிச்சிடும். கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

அப்புறம்தான் கிராம சுகாதார செவிலியர் அந்தக் கவரை வாங்கிப் பார்த்துட்டு விளக்கினாங்க. ரோட்டில் வண்டி நிறுத்தக்கூடாதுன்னு போர்டு வைக்கிறாங்க இல்ல, சிவப்பு வட்டமும் கோடும்? இதுவும் அதே மாதிரிதான். பூஜ்ஜியத்தில் இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு இது கூடாது. கோடு இருந்தா வேண்டாம். சில கவரில் 3+ னு மட்டும் இருக்கும். அதுக்கும் இதுக்கும் ஒரே அர்த்தம், மூணு வயசு முடிஞ்ச பிறகுதான்.

இன்னொண்ணு சொல்றாங்க. "எங்க பிள்ளை கெட்டிக்காரி, ரெண்டு வயசிலேயே மூணு வயசு பொம்மையை விளையாடுவா"ன்னு. அந்த எண் புத்திக்குப் போட்டதில்லை அக்கா, தொண்டைக்குப் போட்டது. சின்னப் பிள்ளையோட மூச்சுக்குழாய் அவங்க சுண்டு விரல் அளவுதான் இருக்கும். கடைவாய்ப் பல் முழுசா வந்திருக்காது. பலமா இருமித் துப்பத் தெம்பு இருக்காது. கையில் கிடைச்சது எல்லாம் வாய்க்குத்தான் போகும். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையா இருந்தாலும் தொண்டை ஒண்ணுதான்.

அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் 'வார்னிங்', 'சோக்கிங் ஹசார்ட்', 'ஸ்மால் பார்ட்ஸ்' னு இருக்கும். எச்சரிக்கை, தொண்டையில் அடைக்கும், சின்னப் பாகம் இருக்குன்னு அர்த்தம். எது சின்னப் பாகம்? அதுக்கு ஒரு அளவு இருக்கு. பொம்மையைச் சோதிக்கிற இடத்தில் ஒரு குழல் வச்சிருப்பாங்க. குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெருசு. அடிப்பக்கம் சாய்வா இருக்கும். ஒரு பக்கம் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர், மறுபக்கம் அஞ்சே முக்கால். அதுக்குள்ள அழுத்தாமலே முழுசாப் போய் அடங்கிடுற எதுவும் சின்னப் பாகம்.

இந்தக் குழலை வீட்டிலேயே செய்யலாம். பழைய காலண்டர் அட்டையில் அகலம் அஞ்சே முக்கால் சென்டிமீட்டர், நீளம் பதினொரு சென்டிமீட்டர் வெட்டுங்க. ஒரு சென்டிமீட்டரை ஒட்டுறதுக்கு விட்டுட்டு, மீதி பத்து சென்டிமீட்டர் சுத்தளவு வர்ற மாதிரி சுருட்டி ஒட்டுங்க. சரியா அந்தக் குறுக்களவு வந்துடும். நாம சாய்வு எல்லாம் வைக்க வேண்டாம். முழு ஆழமா இருந்தா சோதனை இன்னும் கொஞ்சம் கண்டிப்பா இருக்கும், அது நல்லதுதான். குழலை மேசை மேல நிக்க வச்சு, பொம்மையை நேரா, குறுக்கா, சாய்ச்சு எல்லாம் போட்டுப் பாருங்க. குழல் வாய்க்கு மேல துளி கூட நீட்டாம உள்ள போச்சுன்னா மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. பந்து, கோலி மட்டும் இந்தக் குழலுக்கு வெளியே நின்னாலும் ஆபத்து, ஏன்னா உருண்டை தொண்டையை முழுசா மூடிடும். பந்து நாலரை சென்டிமீட்டருக்கு மேல இருக்கணும்.

என் பொண்ணு விழுங்கின சக்கரத்தை வச்சுப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர்தான், குழலுக்குள்ள டொக்குன்னு விழுந்துச்சு. ஆனா முழுக் காரை வச்சா உள்ள போகவே இல்லை! இதைத்தான் கவனிக்கணும். கார் பெருசுதான், கழண்டு வர்றதுதான் சின்னது. அதனாலதான் சோதனை செய்யறவங்க பொம்மையைக் கீழே போட்டு, திருகி, இழுத்துப் பார்த்துட்டு, அதில் இருந்து கழண்டதைக் குழலில் போடுவாங்க. நீங்களும் சக்கரம், கண்ணு, மூக்கு, பொத்தான் எல்லாத்தையும் நல்லாத் திருகி இழுத்துப் பாருங்க. உங்க கையில் கழண்டு வந்தா, பிள்ளை பல்லிலும் வந்துடும்.

மூணு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கான பொம்மையில் சின்னப் பாகம் இருக்கலாம், எச்சரிக்கை மட்டும் இருக்கணும். ஆனா கைக்குழந்தைக்கான கிலுகிலுப்பை மேல 3+ னு ஒட்டியிருந்தா நம்பாதீங்க. கிலுகிலுப்பையை மூணு வயசுப் பிள்ளையா ஆட்டும்? பொறுப்பைத் தட்டிக் கழிக்க ஒட்டின ஸ்டிக்கர் அது. பலூனுக்குத் தனிக் கணக்கு. ஊதாத பலூனும் வெடிச்ச துண்டும் எட்டு வயசு வரைக்கும் ஆபத்து. ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கும். வெடிச்ச உடனே பொறுக்கிடுங்க.

அடுத்தது முத்திரை. 2021 ஜனவரி 1-ல் இருந்து பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுப் பொம்மைக்கும் இதே சட்டம்தான். முத்திரைக்கு மேல ஐ.எஸ். 9873 அப்படின்னு எண் இருக்கும், பேட்டரி பொம்மைன்னா ஐ.எஸ். 15644. கீழே CM/L னு ஆரம்பிக்கிற உரிம எண் இருக்கும். போனில் BIS Care செயலியைப் போட்டு அந்த எண்ணை அடிச்சா, எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் இருக்கா இல்லையான்னு காட்டும். கவரில் இருக்கிற பேரும் செயலியில் வர்ற பேரும் ஒண்ணா இருக்கணும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லைன்னா அது வெறும் அச்சுதான். என் கார் கவரில் ரெண்டுமே இல்லை. முத்திரை இருந்தாலும் வயசு எண்ணைப் பார்க்கணும். முத்திரை வாங்கின நல்ல பொம்மையும் அஞ்சு வயசுக்காரனுக்குச் செஞ்சதுன்னா பதினாலு மாசப் பிள்ளைக்கு ஆகாது.

நம்ம குழுவில் துணிப் பொம்மை தைச்சு சீசனுக்கு விக்கிறவங்க இருக்கீங்க. மத்திய அரசோட கைவினைத் துறையில் பதிவு செஞ்ச கைவினைஞர் செய்யற பொம்மைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. மகளிர் குழுங்கிறதுக்காக மட்டும் விலக்கு கிடையாது, பதிவு செஞ்சுக்குங்க. விலக்கு இருந்தாலும் பிள்ளை தொண்டைக்கு விலக்கு இல்லை. கண்ணுக்குப் பொத்தானும் மணியும் வைக்காம நூலாலேயே பின்னிடுங்க.

கடைசியா, அடைச்சுட்டா என்ன செய்யணும். பிள்ளை சத்தமா இருமினா இரும விடுங்க. சத்தம் வரலைன்னா குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் அஞ்சு தடவை அடிங்க. வரலைன்னா, ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தையை மல்லாத்தி நெஞ்செலும்பு நடுவில் ஒரு உள்ளங்கை அடிப்பாகத்தால் அஞ்சு தடவை அழுத்துங்க. ஒரு வயசுக்கு மேலன்னா பின்னால இருந்து கட்டிப் பிடிச்சு, தொப்புளுக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ, உள்ளேயும் மேலேயுமா அஞ்சு தடவை அழுத்துங்க. மாத்தி மாத்திச் செய்யணும். இன்னொருத்தர் 108-க்கு அடிக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீங்க, இன்னும் உள்ள போயிடும். வெளியே வந்துட்டாலும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

என் பொண்ணு இப்போ அந்தா, ரெண்டாவது வரிசையில் அவங்க அப்பத்தா மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கா. நான் கேக்கறது ஒண்ணுதான். பொம்மை கவரைக் கிழிச்சு அடுப்பில் போடும் முன்னாடி, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. புரியலைன்னா குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. அட்டைக் குழல் ஒண்ணு எங்க குழுப் பையில் எப்பவும் இருக்கும்.